வீடியோ ஏற்றும் புரோகிராமுக்கு அழிக்கும் அனுமதி எதற்கு?

கேள்வி: பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை ஆறு வருடமாக யூடியூபில் போட்டு வருகிறேன். 900 வீடியோவுக்கு மேல் இருக்கிறது. தினமும் உட்கார்ந்து ஏற்ற முடியவில்லை என்றதும், கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகன் பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதித் தந்தான். அது அவன் விடுதி லேப்டாப்பில் ஓடுகிறது. முதலில் ‘வீடியோ ஏற்ற’ மட்டும் அனுமதி கேட்டது, கொடுத்தேன். ஒரு வாரம் ஓடி நின்றுவிட்டது. ஏறிய வீடியோக்களும் பிரைவேட்டாகவே கிடக்கின்றன, பப்ளிக் ஆக மாட்டேன் என்கின்றன. “அனுமதி பத்தலை அத்தை, பெரிசா கேட்டாத்தான் சரியா வரும்” என்று மாற்றினான். இப்போது வீடியோ, கமெண்ட் எல்லாவற்றையும் ‘permanently delete’ செய்யவும் அனுமதி கேட்டது. கொடுத்ததும் மறுபடி ஓடுகிறது. அவன் நல்ல பிள்ளைதான். ஆனாலும் மனதுக்குள் உறுத்துகிறது. கொடுத்தது சரியா?
— ஓர் ஆசிரியை, விருதுநகர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் உறுத்தல் சரி. அந்தப் பெரிய அனுமதியை இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள். உங்கள் தம்பி மகன் சொன்ன இரண்டு சிக்கலுக்குமே அனுமதி காரணமில்லை. மாற்றியதும் ஓடியது உண்மைதான், ஆனால் அது ஓடியதற்குக் காரணம் வேறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தேவைக்கு மேல் அனுமதி கேட்கும் புரோகிராம்களில் பெரும்பாலானவை இப்படித்தான் பிறக்கின்றன: யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்காது, எங்கோ ஒரு பிழை வரும், காரணம் புரியாமல் அனுமதியைக் கூட்டிப் பார்ப்பார்கள், தற்செயலாக ஓடிவிடும். அதன் பிறகு அதைக் குறைக்க யாருக்கும் துணிச்சல் வராது.

நீங்கள் ‘அலோ’ கொடுத்தபோது கூகுள் அந்தப் புரோகிராமுக்கு உங்கள் பாஸ்வேர்டைத் தரவில்லை. இரண்டு டோக்கன் தந்தது. ஒன்று சுமார் ஒரு மணி நேரம் மட்டும் செல்லும். இன்னொன்று, அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் புதிதாக ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ரெஃப்ரெஷ் டோக்கன். நீங்கள் தூங்கும்போதும் புரோகிராம் ஓடுவது இந்த இரண்டாவதால்தான். இப்படிப்பட்ட புரோகிராமுக்காகக் கூகுள் கிளவுடில் புதிதாக ஒரு புராஜெக்ட் தொடங்கி அதை வெளியாட்களுக்கானது என்று வைத்தால், முதலில் அது ‘Testing’ நிலையில் இருக்கும். அந்த நிலையில் தரப்படும் ரெஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதி ஆகிவிடும். உங்கள் புரோகிராம் சரியாக ஒரு வாரத்தில் நின்றது இதனால்தான். தம்பி மகன் அனுமதியை மாற்றியபோது நீங்கள் மறுபடி சம்மதம் கொடுத்தீர்கள் அல்லவா? அப்போது புதிய டோக்கன் கிடைத்தது. பழைய சின்ன அனுமதிக்கே மறுபடி சம்மதம் கொடுத்திருந்தாலும் இதேபோல ஓடியிருக்கும். இந்தப் பெரிய அனுமதியும் எட்டாம் நாள் நின்றுவிடும்.

இதை ஊகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், திரையிலேயே பார்க்கலாம். புரோகிராம் நின்ற நாளில் கறுப்புத் திரையில் வந்த கடைசி வரியைத் தம்பி மகனிடம் கேளுங்கள். இந்த மாதிரி இருந்திருக்கும்:

```
invalid_grant: Token has been expired or revoked.
```

டோக்கன் செத்துவிட்டது என்பதுதான் இதன் பொருள். உண்மையிலேயே அனுமதி போதாமல் இருந்தால் வேறு செய்தி வரும்:

```
403 Request had insufficient authentication scopes.
```

இந்த இரண்டாவது வரியைக் கண்ணால் பார்க்காதவரை அனுமதியைத் தொடவே கூடாது. பார்த்தால்கூட, எந்த வேலைக்கு அது வந்தது என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

காலாவதிச் சிக்கலுக்கு மருந்து, கூகுள் கிளவுட் கன்சோலில் ‘Audience’ பக்கத்தில் இருக்கும் ‘Publish app’ பட்டன். அதை அழுத்தினால் நிலை ‘In production’ ஆகும், 7 நாள் கணக்கு போய்விடும். அதற்குப் பிறகு ஒருமுறை புதிதாகச் சம்மதம் கொடுக்க வேண்டும். இந்த ஆப்பைக் கூகுள் சரிபார்க்கவில்லை என்று ஓர் எச்சரிக்கை அப்போது வரும். புரோகிராமை எழுதியது உங்கள் வீட்டுப் பிள்ளை, பயன்படுத்துவது நீங்கள் ஒருவர் என்பதால் அதைத் தாண்டிப் போகலாம். யாரோ எழுதிய ஆப்பில் இதே எச்சரிக்கை வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

வீடியோ பிரைவேட்டாகவே கிடப்பது இன்னொரு விதியால். 2020 ஜூலை 28-க்குப் பிறகு தொடங்கிய, யூடியூபின் ‘audit’ என்னும் தணிக்கையைத் தாண்டாத புராஜெக்ட் வழியாக ஏறும் எந்த வீடியோவையும் யூடியூப் பிரைவேட்டாகப் பூட்டிவிடும். இது அனுமதியின் அளவைப் பார்ப்பதில்லை. உலகத்திலுள்ள எல்லா அனுமதியையும் கொடுத்தாலும் அந்தப் பூட்டு திறக்காது. தணிக்கைக்கான படிவத்தைத் தம்பி மகன்தான் நிரப்பி அனுப்ப வேண்டும். அது முடியும்வரை நாளுக்கு ஒரு வீடியோவை யூடியூப் ஸ்டுடியோவில் கையால் ஏற்றுவதே நல்லது. பூட்டிக் கிடக்கும் வீடியோக்களையும் ஸ்டுடியோ வழியாக மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

புரோகிராமில் அனுமதி கேட்கும் வரி ஒன்றே ஒன்றுதான். இப்போது அது அநேகமாக இப்படி இருக்கும்:

```python
SCOPES = ["https://www.googleapis.com/auth/youtube.force-ssl"]
```

இருக்க வேண்டியது இது:

```python
SCOPES = ["https://www.googleapis.com/auth/youtube.upload"]
```

இந்த ஒவ்வொரு முகவரியையும் ‘ஸ்கோப்’ என்பார்கள். முதல் ஸ்கோப் வைத்திருக்கும் புரோகிராம் உங்கள் சானலில் எந்த வீடியோவையும் அழிக்கலாம், தலைப்பை மாற்றலாம், உங்கள் பெயரில் கமெண்ட் போடலாம், சப்டைட்டிலை எடுக்கலாம். இரண்டாவதை வைத்திருக்கும் புரோகிராம் புது வீடியோ ஏற்றலாம், தம்ப்நெயில் வைக்கலாம். ஏற்கெனவே இருக்கும் வீடியோவை அதனால் அழிக்க முடியாது, கமெண்ட் போட முடியாது, பிளேலிஸ்ட்டில் கை வைக்க முடியாது. சம்மதத் திரையில் இந்தச் சின்ன ஸ்கோப்புக்கு ‘Manage your YouTube videos’ என்று எழுதியிருக்கும். படித்தால் எல்லாம் செய்யும் அனுமதி போலத் தோன்றும், பயப்படாதீர்கள். யூடியூபின் விதிப்படி வீடியோவை அழிக்கும் கட்டளைக்கு இந்த ஸ்கோப் செல்லாது. வாசகம் கொஞ்சம் தவறாக எண்ண வைக்கும் இடம் இது. ஸ்கோப்பின் பெயரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிள்ளை நல்லவன் என்றீர்கள், நான் நம்புகிறேன். எனக்குப் பயம் அவன் மேல் இல்லை. அவன் லேப்டாப்பில் `token.json` என்று ஒரு சிறிய ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்தால் நாலைந்து வரிதான். ரெஃப்ரெஷ் டோக்கன் அதில் வெறும் எழுத்தாகக் கிடக்கும். அந்த ஃபைலை யார் காப்பி எடுத்தாலும் அவர் கையில் உங்கள் சானல் இருக்கிறது. அவரிடம் பாஸ்வேர்டு கேட்காது, உங்கள் போனுக்கு ஓடிபி வராது. புரோகிராமை நண்பனுக்குக் காட்ட ஃபோல்டரோடு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதும். புரோகிராம்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போடும்போது அந்த ஃபைலையும் சேர்த்துப் போட்டுவிட்டால் போதும். மாணவர்கள் இதைச் செய்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சந்தேகம் வந்து நீங்கள் கூகுள் பாஸ்வேர்டை மாற்றினாலும் இந்த டோக்கன் சாகாது. ஜிமெயில் தொடர்பான ஸ்கோப் இருக்கும் டோக்கன்களை மட்டும்தான் பாஸ்வேர்டு மாற்றம் கொல்லும். யூடியூப் டோக்கன் தொடர்ந்து ஓடும். பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள், எங்கோ ஒரு லேப்டாப்பில் அது வேலை செய்துகொண்டிருக்கும்.

உங்கள் சானலின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு புராஜெக்ட்டுக்கு யூடியூப் ஒரு நாளைக்குத் தரும் வழக்கமான அளவு 10,000 யூனிட். ஒரு வீடியோவை அழிக்க 50 யூனிட். ஒரு நாளில் 200 வீடியோ போகும். 900 வீடியோ ஐந்தாம் நாள் முடிவதற்குள் காலி. அரைப் பரீட்சை நேரத்தில் நாலைந்து நாள் சானல் பக்கம் போகாமல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பீர்கள் என்று வையுங்கள், திரும்பி வந்து பார்க்கும்போது ஒன்றும் இருக்காது. அழிந்த வீடியோவை யூடியூப் மீட்டுத் தராது. பாடங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கலாம். அடியில் பிள்ளைகள் கேட்ட சந்தேகங்களும் நீங்கள் எழுதிய பதில்களும் எந்த டிஸ்கிலும் இல்லை.

திருடன் வரவேண்டும் என்றுகூட இல்லை. பாட்டு வகுப்பு நடத்தும் ஒருவருக்காக நான் ஒரு சானலைச் சரிசெய்யப் போனேன். வேறொருவர் எழுதித் தந்த புரோகிராம், இரட்டையாக ஏறிய வீடியோக்களை நீக்குவதற்காக, ஒரே தலைப்பு இருந்தால் பழையதை அழித்துவிடும்படி எழுதப்பட்டிருந்தது. அந்தச் சானலில் ‘வர்ணம் – பகுதி 1’ என்ற தலைப்பு ஏழெட்டு ராகத்துக்கு இருந்தது. ராகத்தின் பெயர் தம்ப்நெயிலில்தான் எழுதியிருக்கும், தலைப்பில் இருக்காது. ஒரு சாயங்காலத்தில் கடைசியாகப் போட்ட ஒரு ராகத்தைத் தவிர மற்றதெல்லாம் போய்விட்டது. வாட்ஸ்அப் குழுக்களில் வருடக்கணக்கில் பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் செத்துவிட்டன. அந்தப் புரோகிராமிடம் ஏற்றும் ஸ்கோப் மட்டும் இருந்திருந்தால், அந்த வரி ஓடும்போதே 403 என்று நின்றிருக்கும், எழுதியவர் தன் தவறைக் கண்டுபிடித்திருப்பார். சின்ன ஸ்கோப்பை நான் வற்புறுத்துவதற்கு முக்கியக் காரணம் இதுதான். திருட்டைவிட நம் வீட்டுப் பிழையைத்தான் அது அடிக்கடி தடுக்கிறது.

வெளி ஆப்களில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2017 மார்ச் மாதம் நடந்தது ஒன்று போதும். ட்விட்டர் கவுண்ட்டர் என்று ஒரு சேவை இருந்தது. எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று எண்ணிக் காட்டுவது அதன் வேலை. அதற்கு வாசிக்கும் அனுமதி போதும். ஆனால் இணைத்தவர்களின் பெயரில் ட்வீட் எழுதும் அனுமதியும் அதனிடம் இருந்தது. அந்தச் சேவைக்குள் யாரோ புகுந்தார்கள். ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல், பிபிசியின் வட அமெரிக்கக் கணக்கு, டியூக் பல்கலைக்கழகம் உள்ளிட்ட பல கணக்குகளிலிருந்து ஸ்வஸ்திகா சின்னத்தோடு துருக்கி மொழியில் ட்வீட்கள் பறந்தன. அந்த நிறுவனங்களின் பாஸ்வேர்டு யாருக்கும் தேவைப்படவில்லை. வாசிக்க மட்டும் அனுமதி வைத்திருந்தால் புகுந்தவர்களுக்கு எண்ணிக்கைகள் கிடைத்திருக்கும், ஒரு ட்வீட்டும் போயிருக்காது.

தம்பி மகன் இப்போது நியாயமாக ஒரு கேள்வி கேட்பான்: “ஏத்துறது மட்டும் இல்லையே, நேரத்துக்குப் பப்ளிக் ஆக்கணும், பிளேலிஸ்ட்டில் சேர்க்கணும், நோட்ஸ் லிங்க்கை கமெண்ட்டில் போடணும், அதுக்கெல்லாம் என்ன பண்றது?” ஒவ்வொன்றாகப் பார்த்தால் பெரிய ஸ்கோப் இல்லாமலே பெரும்பாலானது முடியும்.

மாலை ஆறு மணிக்கு வெளியாக வேண்டும் என்பதற்காகப் பலர், முதலில் ஏற்றிவிட்டு ஆறு மணிக்கு இன்னொரு கட்டளையால் பப்ளிக் ஆக்குவார்கள். அந்த இரண்டாவது கட்டளைக்கு ஏற்றும் ஸ்கோப் போதாது. ஆனால் ஏற்றும்போதே வெளியாகும் நேரத்தைச் சொல்லிவிடலாம்:

```python
"status": {
  "privacyStatus": "private",
  "publishAt": "2026-07-13T12:30:00Z"
}
```

கடைசியில் உள்ள `Z` உலகப் பொது நேரத்தைக் குறிக்கும். நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்து எழுத வேண்டும். 12:30 என்பது நமக்கு மாலை 6 மணி. `privacyStatus` பிரைவேட்டாக இருந்தால்தான் இது செல்லும். தணிக்கை முடிந்த பிறகு இது ஒழுங்காக வேலை செய்யும்.

நோட்ஸ் இணைப்பை கமெண்ட்டில் போடுவதற்குத்தான் `force-ssl` கட்டாயம். அதே இணைப்பை வீடியோவின் விவரத்தில் முதல் வரியாக வைத்தால் அது ஏற்றும் கட்டளையிலேயே போய்விடும், தனி அனுமதி வேண்டாம். பிள்ளைகளும் விவரத்தில்தான் முதலில் தேடுவார்கள். ஏற்கெனவே ஏறியதை மறுபடி ஏற்றாமல் இருக்கச் சானலின் பட்டியலைப் படிக்கும் பகுதி இருந்தால் அதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஏறி முடிந்ததும் யூடியூப் அந்த வீடியோவின் எண்ணைத் திருப்பித் தருகிறது. ஃபைல் பெயரையும் அந்த எண்ணையும் லேப்டாப்பிலேயே ஒரு பட்டியலில் எழுதி வைத்தால், அதைப் பார்த்தே இரட்டிப்பைத் தவிர்க்கலாம்.

மிஞ்சுவது பிளேலிஸ்ட். இதற்குக் குறுக்கு வழி இல்லை. பிளேலிஸ்ட்டில் சேர்க்க மட்டும் என்று தனி ஸ்கோப் எதையும் யூடியூப் வைக்கவில்லை. முழு கணக்கையும் நிர்வகிக்கும் ஸ்கோப்பைக் கொடுத்தால்தான் நடக்கும். அதில் வீடியோவை அழிக்கும் உரிமையும் சேர்ந்தே வரும். வாரத்துக்கு ஏழு வீடியோவை ‘இயற்கணிதம்’, ‘முக்கோணவியல்’ என்று பிரித்துப் போட ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்காக 900 வீடியோவை அழிக்கும் உரிமையை லேப்டாப்பில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். இதை மட்டும் கையால் செய்யுங்கள்.

மாற்றும்போது வரிசை முக்கியம், அங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஸ்கோப் வரியைத் திருத்தினால் மட்டும் போதாது. பழைய `token.json` அப்படியே இருந்தால் அதன் பழைய பலமும் அப்படியே இருக்கும். ஃபைலை அழித்தால்கூட, பென்டிரைவில் இருக்கும் நகல் சாகாது. ஆகவே முதலில் நீங்கள் உங்கள் போனிலோ கணினியிலோ `myaccount.google.com/connections` திறந்து, அந்தப் புரோகிராமின் பெயரைத் தேடி, அதன் இணைப்பை நீக்குங்கள். இதை நீங்கள்தான் செய்ய வேண்டும், அவன் செய்ய முடியாது. எல்லா நகல்களும் இதில் சாகும். முழுதாக அமலாகச் சிறிது நேரம் எடுக்கலாம். அதன் பிறகு அவன் `token.json`-ஐ அழித்து, ஸ்கோப்பை மாற்றி, ‘Publish app’ கொடுத்து, உங்களை மறுபடி சம்மதம் கேட்கட்டும். அவன் எங்கிருந்தாவது எடுத்த மாதிரிக் குறியீட்டில் `include_granted_scopes` என்று ஒன்று இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். முன்பு கொடுத்த அனுமதிகளைப் புதிய டோக்கனோடு ஒட்டவைப்பது அதுதான். இணைப்பை முதலில் நீக்காமல் இதோடு ஓடினால், நீங்கள் சின்ன அனுமதி கொடுத்ததாக நினைப்பீர்கள், டோக்கனில் பெரியதும் சேர்ந்து இருக்கும்.

சந்தேகம் இருந்தால் டோக்கனையே கேட்டுவிடலாம். `token.json`-ல் `token` என்று இருக்கும் நீளமான எழுத்தை எடுத்து, ‘இங்கே’ என்ற இடத்தில் வைத்து, புரோகிராம் ஓடிய ஒரு மணி நேரத்துக்குள் அதே கறுப்புத் திரையில் இதை ஓட்டச் சொல்லுங்கள்:

```
curl "https://oauth2.googleapis.com/tokeninfo?access_token=இங்கே"
```

வரும் பதிலில் `scope` என்ற வரியில் `youtube.upload` மட்டும் இருக்க வேண்டும். வேறு எது இருந்தாலும் முதல் படியிலிருந்து மறுபடி.

சின்ன ஸ்கோப்பாலும் எல்லா ஆபத்தும் போய்விடாது. அந்த ஃபைல் யார் கையிலாவது கிடைத்தால் உங்கள் சானலில் வேண்டாத வீடியோவை ஏற்றிவிட முடியும். தணிக்கை முடியாதவரை அதுவும் பிரைவேட்டாகப் பூட்டிக்கொள்ளும் என்பது இப்போதைக்கு உங்களுக்குப் பாதுகாப்பு. தணிக்கை முடிந்த பிறகு அப்படி ஒரு வீடியோ வெளியானால் சானலுக்கு ஸ்ட்ரைக் வரலாம், 90 நாளுக்குள் மூன்று வந்தால் சானலே போய்விடும். அதனால் புரோகிராம் விடுதி லேப்டாப்பில் ஓடுவதைவிட உங்கள் வீட்டுக் கணினியில் ஓடுவது நல்லது. சானலை வாரத்தில் ஓரிரு முறை ஸ்டுடியோவில் திறந்து, பிரைவேட் வீடியோக்களையும் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் எடுக்காத வீடியோ ஒன்று அங்கே கிடந்தால் உடனே அதே `connections` பக்கத்துக்குப் போய் இணைப்பை நீக்குங்கள்.

புதிய சம்மதம் கொடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எட்டாம் நாள் மாலை வீடியோ ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் காலாவதிச் சிக்கல் தீர்ந்தது. நின்றால், திரையில் வந்த பிழை வரியை அப்படியே படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். `token.json`-ஐ மட்டும் யாருக்கும் அனுப்ப வேண்டாம், எனக்கும்கூட.